போன் சார்ஜ் ஆகிறது, கார் திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை

கேபிளைச் செருகியதும் போனில் சார்ஜ் ஏறும் அடையாளம் வந்துவிடுகிறது. கார் திரையோ ரேடியோவைக் காட்டிக்கொண்டு அப்படியே இருக்கிறது. போனின் மேப்பையும் பாட்டையும் அங்கே காட்ட வேண்டிய ஆண்ட்ராய்டு ஆட்டோவோ, ஐபோன் என்றால் கார்பிளேயோ, எட்டிப் பார்க்கவில்லை, பிழைச் செய்திகூட இல்லை. இந்த இடத்தில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கேபிள் நல்லாத்தான் இருக்கு, சார்ஜ் ஏறுதே." அதை நம்பிக் கேபிளை விட்டுவிட்டு, போனையும் காரையும் நோண்ட ஆரம்பித்தால் அரை நாள் போய்விடும்.

சாதாரண யூஎஸ்பி கேபிளுக்குள் முக்கியமாக நான்கு கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. சார்ஜ் ஏறுவது முதல் இரண்டும் நலம் என்பதற்கு மட்டுமே சாட்சி. மற்ற இரண்டும் அறுந்திருக்கலாம், சில மலிவு கேபிள்களில் அவை போடப்படாமலே இருக்கலாம். போதாக்குறைக்கு, காரில் செருகும் அந்த அகலமான செவ்வகத் தலையில் மின்சாரத் தகடுகள் தகவல் தகடுகளைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும். செருகும்போது மின்சாரம் முதலில் தொட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அதனால் தலை முழுதாக இறங்காமல் பாதியில் நின்றாலும் சார்ஜ் ஏறும், தகவல் போகாது.

செருகிய பிறகு நடப்பதையும் ஒருமுறை பார்த்துக்கொண்டால் பின்னால் வருவது எளிது. முதலில் மின்சாரம். அப்புறம் கார், "யார் வந்திருப்பது?" என்று தகவல் கம்பி வழியே கேட்கிறது. ஆண்ட்ராய்டு போன் பதில் சொன்னதும், "துணைக்கருவி முறைக்கு மாறு" என்கிறது கார். போன் ஒரு கணம் இணைப்பை விட்டுவிட்டு, புது அடையாளத்தோடு மறுபடி சேர்கிறது. ஐபோனில் வேறு கதை: போனும் காரும் இடம் மாறிக்கொள்கின்றன, அதுவரை தலைமை தாங்கிய கார் கீழே இறங்கி, போன் தலைமை ஏற்கிறது. இதன் பிறகுதான் இரண்டும் ஒன்றையொன்று சரிபார்த்து, ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேயோ திரைக்கு வருகிறது. எந்தப் படியில் நிற்கிறது என்பதை அறிகுறியே சொல்லிவிடும்.

சார்ஜே ஏறவில்லை என்றால்

இது சுலபமான வகை. சாவியைத் திருப்பி காரின் மின்சாரம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் அதுவரை போர்ட் உயிர் பெறாது. அதே கேபிளை வீட்டுச் சார்ஜரில் செருகிப் பாருங்கள். அங்கே ஏறி, இங்கே எந்தக் கேபிளுக்கும் ஏறவில்லை என்றால் போர்ட்டின் ஃபியூஸ் போயிருக்கலாம். எந்த ஃபியூஸ் என்று காரோடு வந்த கையேட்டில் இருக்கும்.

சார்ஜ் ஏறுகிறது, வேறு எந்த அசைவும் இல்லை

தொல்லை தருவது இதுதான். போனில் கேள்வி எதுவும் வரவில்லை, கார் திரையில் போனின் பெயர்கூடத் தெரியவில்லை. அப்படியென்றால் மின்சாரம் மட்டும் போகிறது, "யார் வந்திருப்பது?" என்ற கேள்வியே போனை எட்டவில்லை. இந்த நிலையில் செட்டிங்ஸைத் திறப்பதில் பயனில்லை. மூன்று இடங்களை மட்டும் பாருங்கள்: காரின் போர்ட், கேபிள், போனில் கேபிள் செருகும் வாய்.

முதலில் போர்ட். காரில் மூன்று நான்கு யூஎஸ்பி துளைகள் இருந்தாலும், திரையோடு பேசுவது பெரும்பாலும் ஒன்றுதான். மற்றவை சார்ஜுக்கு மட்டும். பேசும் போர்ட்டின் மேல் யூஎஸ்பியின் கிளை பிரிந்த குறியோ, ஒரு சின்ன போன் படமோ இருக்கும். மின்னல் குறியோ பேட்டரி படமோ மட்டும் இருந்தால் அது சார்ஜ் துளை. பின்சீட்டுக்காரர்களுக்கென்று வைத்தவை அநேகமாகச் சார்ஜுக்குத்தான். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சார்ஜர் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அதற்கும் திரைக்கும் தொடர்பே கிடையாது. சந்தேகமாக இருந்தால் ஒரு பென் டிரைவில் நாலு பாட்டைப் போட்டுச் செருகிப் பாருங்கள். திரையில் பாட்டு வந்தால் அந்தப் போர்ட்டில் தகவல் கம்பி உயிரோடு இருக்கிறது.

அடுத்தது கேபிள். இதைச் சோதிக்க கார் தேவையில்லை, ஒரு கம்ப்யூட்டர் போதும். போனின் பூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேபிளால் கம்ப்யூட்டரோடு இணையுங்கள். ஐபோன் என்றால் Trust This Computer? என்று கேட்கும். ஏற்கெனவே பழகிய கம்ப்யூட்டராக இருந்தால் கேட்காமலே கம்ப்யூட்டரில் போனின் பெயர் வந்துவிடும். ஆண்ட்ராய்டு என்றால் மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்தால் USB என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டு File transfer என்று மாற்றினால் கம்ப்யூட்டரில் போனின் படங்கள் தெரியும். வெறும் சார்ஜ் அடையாளம் மட்டும் வந்து, இவற்றில் எதுவுமே வராமல் போனால், போனின் வாய் சுத்தமாக இருக்கும் பட்சத்தில் அந்தக் கேபிள் சார்ஜுக்கு மட்டும்தான். டிரிம்மர், ப்ளூடூத் ஸ்பீக்கர், காதில் மாட்டும் இயர்பட்ஸ் ஆகியவற்றோடு வரும் குட்டிக் கேபிள்களில் இந்த ரகம் நிறைய.

கம்ப்யூட்டரில் தேறிய கேபிளும் காரில் திணறலாம், இதையும் சொல்லிவிட வேண்டும். கார் திரைக்கு நொடிக்கு நொடி படம் போகிறது. கோப்பு நகலெடுப்பதில் கொஞ்சம் தடுமாறினால் கண்ணுக்குத் தெரியாது, இங்கே தெரிந்துவிடும். ஒரு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். நீட்டிப்புக் கேபிள், ஒன்றை நாலாக்கும் ஹப் இரண்டையும் இடையில் வைக்காதீர்கள். ஐபோன்காரர்களுக்கு ஹப் இன்னும் ஆகாது, ஏனென்றால் மேலே சொன்ன இடமாற்றத்துக்குச் சாதாரண ஹப் வழிவிடாது. போனோடு பெட்டியில் வந்த கேபிள் இருந்தால் அதைத்தான் முதலில் முயற்சி செய்யுங்கள்.

மூன்றாவது போனின் வாய். சட்டைப்பையிலும் கால்சட்டைப்பையிலும் கிடக்கும் போனுக்குள் துணிப்பஞ்சு சேரும். நாம் ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அதை உள்ளே தள்ளி, நாளடைவில் கெட்டியான மெத்தையாக்கி விடுகிறோம். செருகிய பிறகு கேபிள் தலைக்கும் போனுக்கும் நடுவே ஒரு கோடு அளவு இடைவெளி தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சரியாக இறங்கிய தலை லேசாக ஒரு 'டிக்' கொடுக்கும், ஆட்டினால் ஆடாது. இடைவெளி இருந்தால் போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியின் நுனியால் ஓரமாக மெதுவாகச் சுரண்டுங்கள். உலோக ஊசி கூடாது. உள்ளே நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கை நெம்பிவிட்டால் போன் பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும். முதல் தடவை செய்கிறவர்கள் வெளியே வரும் பஞ்சின் அளவைப் பார்த்து அசந்துபோவார்கள். தடிமனான கவர் போட்டிருந்தாலும் இதே இடைவெளி வரும், அதைக் கழற்றியும் ஒருமுறை செருகிப் பாருங்கள்.

டைப்-சி போன் என்றால் ஒரு சின்னச் சோதனை உண்டு. தலையை உருவி, தலைகீழாகத் திருப்பிச் செருகுங்கள். "எப்படிச் செருகினாலும் ஒன்றுதானே" என்பது உண்மை, ஆனால் முழு உண்மை இல்லை. கார் திரைக்குப் படம் போகப் பயன்படும் அந்தத் தகவல் தகடுகள் போனின் வாயில் மேலும் கீழும் இரண்டு ஜோடி இருக்கும். கேபிள் தலையில் ஒரே ஜோடிதான். திருப்பிச் செருகும்போது போனின் மறுபக்க ஜோடியைத் தொடுகிறோம். ஒரு பக்கம் வேலை செய்து மறுபக்கம் செய்யவில்லை என்றால், காரைச் சந்தேகிக்க வேண்டாம். செருகும் இடத்தில் ஒரு பக்கம் அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது.

கார் போனைப் பார்க்கிறது, ஆனால் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேயோ தொடங்கவில்லை

திரையில் யூஎஸ்பி என்றோ ஐபாட் என்றோ வந்து, போனில் இருக்கும் பாட்டு மட்டும் ஓடலாம். அல்லது போன் சார்ஜ் ஆரம்பித்து, விட்டு, மறுபடி ஆரம்பித்து, அதாவது இரண்டு முறை 'டிங்' என்றுவிட்டு அமைதியாகிவிடலாம். இரண்டுமே நல்ல செய்தி. தகவல் கம்பி வேலை செய்கிறது, கேள்வி எட்டிவிட்டது. இனி தடுப்பது யாரோ எப்போதோ கொடுத்த "வேண்டாம்" என்ற பதில். இப்போதுதான் செட்டிங்ஸைத் திறக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு 10 முதல் ஆண்ட்ராய்டு ஆட்டோ போனுக்குள்ளேயே இருக்கிறது, ஆப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. Settings, அதில் Connected devices, அதில் Connection preferences, அதில் Android Auto. சில போன்களில் நடுப்படி இருக்காது. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் பெயரைத் தட்டுவதே குறுக்கு வழி. உள்ளே Previously connected cars என்று ஒன்று இருக்கும். முதல் முறை இணைத்தபோது அவசரத்தில் மறுப்பைத் தொட்டிருந்தால், உங்கள் கார் அங்கே Rejected cars என்ற தலைப்பின் கீழ் உட்கார்ந்திருக்கும். போன் அதற்குப் பிறகு கேட்கவே கேட்காது. மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு Forget all cars கொடுங்கள். Add new cars to Android Auto என்ற பொத்தான் தெரிந்தால் அது இயங்கும் நிலையில் இருக்கட்டும்.

ஐபோனில் மூன்று விஷயம். Siri அணைந்திருந்தால் கார்பிளே வராது, அதை இயக்குங்கள். அடுத்து Settings, General, CarPlay என்று போய்க் காரின் பெயர் இருந்தால் Forget This Car கொடுத்துப் புதிதாகச் சேருங்கள். குழந்தைக்காக Screen Time கட்டுப்பாடு போட்ட போனாக இருந்தால், அதில் Content & Privacy Restrictions உள்ளே அனுமதித்த ஆப்களின் பட்டியலில் CarPlay அணைக்கப்பட்டிருக்கலாம். யாருக்கும் தோன்றாத இடம் அது.

காரின் பக்கமும் ஒரு பட்டியல் உண்டு. திரையின் அமைப்புகளில் போன் இணைப்பு அல்லது சாதனங்கள் என்ற பகுதியில், ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்பிளே இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான் இருக்கும். அணைந்திருந்தால் இயக்கவும். பழைய போன்களின் பெயர்கள் வரிசையாக நின்றால், தேவையில்லாதவற்றோடு உங்கள் போனையும் நீக்குங்கள். அப்படி ஒரு பகுதியே இல்லை, கையேட்டிலும் பேச்சில்லை என்றால், அந்தக் காரின் யூஎஸ்பி பாட்டுக்கு மட்டும் வைத்தது. எந்தக் கேபிளும் அதை மாற்றாது.

இரு பக்கமும் அழித்தபிறகு புதிதாகச் சேர்க்கும்போது கார் நின்றிருக்க வேண்டும், ஹேண்ட்பிரேக் போட்டிருக்க வேண்டும். ஓடும் காரில் முதல் இணைப்பைப் பல கார்கள் அனுமதிப்பதில்லை. போனின் பூட்டைத் திறந்து கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி போன் திரையில்தான் வரும். ஆண்ட்ராய்டில் முதல் தடவைக்கு இணையமும் வேண்டும். அடித்தளக் கார் நிறுத்தத்தில் சிக்னல் இல்லாமல் முயன்று தோற்றவர்கள் உண்டு.

படம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது

லோகோ வந்து, உடனே இணைக்க முடியவில்லை என்று பிழைச் செய்தி வந்தால் காரின் கடிகாரத்தைப் பாருங்கள். வேடிக்கையாக இருக்கும், ஆனால் போனும் காரும் ஒன்றையொன்று சரிபார்க்கக் காட்டும் சான்றிதழுக்குத் தேதி உண்டு. பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் காரின் தேதி பல வருடம் பின்னே போயிருந்தால், சான்றிதழ் செல்லாது என்று முடிவாகிவிடும். தேதியைச் சரிசெய்தால் போதும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது மேடு பள்ளத்தில் ஏறியதும் விட்டுப்போனால் கேபிளோ துளையோ தேய்ந்திருக்கிறது. காரை நிறுத்திவிட்டு, இணைப்பு இருக்கும்போதே கேபிளின் கழுத்தை லேசாக இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள். படம் போய் வந்தால் எந்த முனையில் கை வைத்தீர்களோ அங்கேதான் குறை.

நேற்று வரை வந்தது, இன்று எதுவும் மாறாமல் வரவில்லை என்றால் போனையும் திரையையும் ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். காரை அணைத்து உடனே போட்டால் பல திரைகள் உண்மையில் அணைவதில்லை, தூங்கி எழுகின்றன. திரையின் பவர் பொத்தானைப் பத்துப் பதினைந்து விநாடி, லோகோ வரும்வரை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான மாடல்களில் முழுதாக மறுதொடக்கமாகும். பொத்தான் இல்லாவிட்டால் காரைப் பூட்டிவிட்டுக் கால் மணி நேரம் கழித்து வாருங்கள்.

ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்திருந்தால்

என் மனைவியின் தம்பி பழைய கார் ஒன்றை வாங்கிய முதல் வாரத்தில் போன் செய்தான். "அத்தான், மூணு கேபிள் மாத்திட்டேன், சர்வீஸ்ல காட்டினா திரையையே மாத்தணும்னு சொல்றாங்க." திரை மாற்றுவது பெரிய செலவு. நான் என் போனையும் அதன் கேபிளையும் எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் என் போன், என் கேபிள். செருகிய சில நொடியில் கேள்வி வந்தது, ஒத்துக்கொண்டேன், மேப் வந்துவிட்டது. அந்த நிமிடமே காரும் போர்ட்டும் திரையும் வழக்கிலிருந்து விடுதலை. இரண்டாவது, என் போன், அவன் கேபிள். வெறும் சார்ஜ். கேபிளின் குற்றம் உறுதி. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் டிரிம்மர் பெட்டியிலிருந்து. மூன்றாவது, அவன் போன், என் கேபிள். கேபிள் நல்லதாயிற்றே, வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். வரவில்லை. ஆனால் காதைக் கொடுத்துக் கேட்டால் இரண்டு 'டிங்'. தகவல் போகிறது, போன்தான் மறுக்கிறது.

அவனுடைய ஆண்ட்ராய்டு ஆட்டோ பகுதியைத் திறந்தால், Rejected cars என்பதன் கீழே அந்தக் காரே இருந்தது. கார் வாங்கிய அன்று, பழைய சொந்தக்காரர் பக்கத்தில் நின்று ஏதோ காட்டிக்கொண்டிருந்தபோது, வந்த கேள்வியைப் படிக்காமல் தள்ளிவிட்டிருக்கிறான். அன்றைக்கு அவர் கொடுத்த கேபிள் நல்ல கேபிள்.

அவன் மூன்று கேபிள் மாற்றியது பொய்யில்லை. மூன்றில் ஒன்று உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல கேபிளைப் போட்டபோதும் போன் மறுத்ததால், "இதுவும் இல்லை" என்று அதையும் ஒதுக்கிவிட்டுப் பழைய டிரிம்மர் கேபிளுக்கே திரும்பிவிட்டான். அதன் பிறகு போனில் எதை மாற்றியிருந்தாலும் திரையில் வித்தியாசம் தெரிந்திருக்காது. இரண்டு குறைகள் சேர்ந்திருக்கும்போது ஒன்றைச் சரிசெய்தாலும் ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும். அதனால் நல்லது என்று சோதனையில் தேறிய கேபிளைப் போட்டபின், எல்லாம் முடியும்வரை அதைக் கழற்றக் கூடாது.

Forget all cars கொடுத்து, கார் திரையிலும் அவன் போனின் பெயரை நீக்கி, என் கேபிளால் மறுபடி செருகினோம். கேள்வி வந்தது. இந்தத் தடவை வாய்விட்டுப் படித்துவிட்டுத் தொட்டான்.

வேறு இரண்டு போனும், தேறிய இரண்டு கேபிளும் அந்தப் போர்ட்டில் தோற்றால்தான் காரைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் திரைக்கு முன்னால் போர்ட் இருக்கிறது. பல கார்களில் அந்தத் துளை தனிப் பாகம். அங்கிருந்து டாஷ்போர்டுக்குள் ஒரு கேபிள் திரைக்குப் போகிறது. துளை தேய்வதும், உள்கேபிள் கழன்றிருப்பதும் திரை பழுதாவதைவிட அதிகம். பென் டிரைவும் அந்தப் போர்ட்டில் தெரியவில்லை என்று சர்வீஸில் சொல்லுங்கள், முதலில் துளையைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அவன் டிரிம்மர் கேபிளில் நான் சிவப்பு டேப் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன், டிரிம்மருக்கு அது போதும்.